குழாயில் அடைப்பில்லை, ஆனால் இதயம் பாதிதான் துடிக்கிறது

யீஷூனில் வசிக்கும் 68 வயது அம்மா ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கணவரின் உடல் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மண்டாய்க்குக் கிளம்பும் நேரத்தில் அவருக்கு நெஞ்சை அழுத்துகிற வலி, மூச்சுத் திணறல். மகன் 995ஐ அழைக்கிறார். இசிஜி அச்சு அசல் மாரடைப்பு. இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனினும் ஏறியிருக்கிறது. சரி, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் எந்தக் குழாய் அடைத்திருக்கிறது? ஆஞ்சியோகிராமில் பார்த்தால் எல்லாம் திறந்தே இருக்கின்றன.

இதயம் துடிப்பதை ஒலியலையால் படமாகக் காட்டும் எக்கோ எடுக்கும்போதுதான் விஷயம் புரிகிறது. இதயத்தின் இடது கீழறையில் நுனிப்பகுதி சுருங்காமல் உப்பி நிற்கிறது. மேற்பகுதியோ வழக்கத்தைவிட பலமாகச் சுருங்குகிறது. ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும், கழுத்து குறுகிய பானையைப் போல இருப்பதால் 1990இல் அங்குள்ள மருத்துவர்கள் இதற்கு 'தகோட்சுபோ' என்று பெயரிட்டார்கள்.

மருத்துவர் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிப்பார். ஒரு குழாய் அடைத்தால் அது இரத்தம் கொடுக்கும் பகுதி மட்டும்தான் செயலிழக்கும். இங்கே பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டிச் சுற்றிலும் தசை அசையாமல் கிடக்கிறது. அவ்வளவு பெரிய பகுதி முடங்கியும் ட்ரோபோனின் அதற்கேற்ற அளவு ஏறுவதில்லை. தசை சாகவில்லை, மரத்துப்போயிருக்கிறது. ஆனால் இதெல்லாம் மருத்துவமனையில் தெரிவதுதான். வலியை வைத்து வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

முழுக் காரணம் இன்னும் தீர்மானமாகவில்லை. அதிர்ச்சியின்போது உடலில் திடீரெனப் பெருகும் அட்ரினலின்தான் முக்கியச் சந்தேகம். அதற்குப் பதில் கொடுக்கும் ஏற்பிகள் நுனிப்பகுதியில் அதிகம். அட்ரினலின் மிதமிஞ்சும்போது அவை தசையைத் தூண்டுவதற்குப் பதிலாக அடக்கிவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்றவர்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவது காரணமாக இருக்கலாம். துக்கம்தான் காரணம் என்றும் இல்லை: நிமோனியா, பக்கவாதம், அறுவை சிகிச்சைகூடத் தூண்டலாம். சிலருக்கு எந்தக் காரணமும் அகப்படாது.

'அடைப்பில்லையே, அப்புறம் என்ன?' என்று நிம்மதியடைய முடியாது. முதல் சில நாள்கள் ஆபத்தானவை. மேற்பகுதி பலமாகச் சுருங்கி, இரத்தம் வெளியேறும் வழியையே அடைத்துவிடலாம். இரத்த அழுத்தம் விழும்போது அதை ஏற்ற அட்ரினலின் வகை மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்; அதனால்தான் முதலில் எக்கோ பார்க்கிறார்கள். அசையாத நுனியில் இரத்தம் தேங்கி உறைந்தால் பக்கவாதம் வரலாம், அதற்கு இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து தேவைப்படும்.

இந்தக் கட்டத்தைத் தாண்டிய பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஒன்று, இரண்டு மாதங்களில் மறுபடி எக்கோ எடுத்து அதை உறுதிசெய்த பிறகுதான் இந்த நோய் என்று மருத்துவர் நிச்சயமாகச் சொல்வார். எக்கோ சரியாக இருந்தும் சிலருக்கு மாதக்கணக்கில் களைப்பும் மாடியேறினால் மூச்சு வாங்குவதும் நீடிக்கும். அது மனப்பிரமை அல்ல. ஒரு சிறு பகுதியினருக்கு இந்த நோய் சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் வருவதுண்டு.