இழுப்புச் சத்தம் அடங்கும்போது அஞ்ச வேண்டும்: கடும் ஆஸ்துமாவில் முதல் ஒரு மணி நேரம்

நள்ளிரவு கடந்து வந்த அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். சக்கர நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியாமல், இரு கைகளையும் தொடைமேல் ஊன்றி முன்னே குனிந்திருந்தார். பெயரைக் கேட்டால் ஒரு சொல்லைச் சொல்லி, மூச்சு வாங்கி, அதன் பிறகே அடுத்த சொல்லுக்குப் போக முடிந்தது. நிமிடத்துக்கு 34 மூச்சு, நாடித்துடிப்பு 128, ஆக்சிஜன் அளவு 92 சதவீதம். மாலையிலிருந்து இன்ஹேலரைத் திரும்பத் திரும்ப அடித்தும் பலனில்லை என்றார் உடன் வந்த கணவர்.

ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியாமை, மூச்சு எண்ணிக்கை 25 அல்லது அதற்கு மேல், நாடி 110 அல்லது அதற்கு மேல், ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ அளவு அவரது வழக்கமான சிறந்த அளவில் பாதிக்கும் கீழ்: பெரியவர்களிடம் இவற்றில் ஒன்று இருந்தாலே அதைக் கடும் ஆஸ்துமா என்று எடுத்துக்கொள்கிறோம். இவரிடம் நான்குமே இருந்தன. பீக் ஃப்ளோ 40 சதவீதம்தான். எக்ஸ்ரேக்கோ இரத்தப் பரிசோதனை முடிவுக்கோ காத்திராமல் அந்த நாற்காலியிலேயே மருந்தைத் தொடங்கிவிட்டோம். படுக்க வைக்கவும் இல்லை, ஏனெனில் இத்தகைய நோயாளிக்கு உட்கார்ந்த நிலையில்தான் மூச்சுவிடுவது சற்றேனும் எளிது.

முதலில் ஆக்சிஜன், அதனுடனேயே நெபுலைசர். சால்புடமால் 5 மி.கி., இப்ராட்ரோபியம் 0.5 மி.கி. இரண்டையும் ஒரே குப்பியில் சேர்த்து, காற்றழுத்த இயந்திரத்தில் அல்லாமல் ஆக்சிஜன் குழாயிலேயே நிமிடத்துக்கு 6 லிட்டருக்குக் குறையாமல் ஓடவிட்டோம். சால்புடமால் மூச்சுக்குழாயை மட்டும் விரிப்பதில்லை; காற்றே போகாத நுரையீரல் பகுதிகளின் இரத்தக் குழாய்களையும் விரிப்பதால், வெறும் காற்றில் நெபுலைசர் கொடுக்கும்போது ஆக்சிஜன் அளவு இன்னும் இறங்கிவிடக்கூடும். 20 நிமிட இடைவெளியில் முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று முறை என்பது கணக்கு.

அடுத்தது ஸ்டீராய்டு. இதில்தான் தாமதம் அதிகம் நடக்கிறது. நெபுலைசருக்குக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, கேட்காவிட்டால் ஸ்டீராய்டு என்று எண்ணுவது பழகிப்போன பிழை. சால்புடமால் சில நிமிடங்களில் வேலை செய்யும். ஸ்டீராய்டின் பலன் தெரியச் சில மணி நேரம் ஆகும். தாமதமாகப் பலிக்கும் மருந்து என்பதாலேயே அது முன்னதாக உள்ளே போக வேண்டும். விழுங்க முடிந்தவருக்குப் பிரெட்னிசலோன் 40 முதல் 50 மி.கி. மாத்திரையே போதும், ஊசி அதைவிட வேகமானது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. இவரால் மாத்திரையை விழுங்க மூச்சை நிறுத்த முடியவில்லை என்பதால் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. சிரைவழி கொடுத்தோம்.

வந்தவுடன் எடுத்த தமனி இரத்தப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 31. இயல்பு 35 முதல் 45 வரை. வேகமாக மூச்சுவிடுபவர் அந்த வாயுவை அதிகமாக வெளியேற்றுவார் என்பதால் அது குறைந்திருப்பதுதான் எதிர்பார்க்க வேண்டியது.

இரண்டாவது நெபுலைசர் முடிந்து, ஏறக்குறைய 40 நிமிடம் ஆனபோது அறை அமைதியானது. மூச்சு எண்ணிக்கை 34-இலிருந்து 20-க்கு இறங்கியிருந்தது. ஆக்சிஜன் அளவு 96. "வீட்டுல இருந்ததுக்கு இப்ப எவ்வளவோ பரவாயில்லை" என்றார் கணவர். பயிற்சி மருத்துவர் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, "வீசிங் போயிடுச்சு சார்" என்றார், முகத்தில் நிம்மதியுடன்.

வீசிங் போயிருந்தது உண்மை. மூச்சுச் சத்தமும் கூடவே போயிருந்தது. இழுப்புச் சத்தம் எழ வேண்டுமானால் குறுகிய குழாயின் வழியே காற்று ஓரளவேனும் ஓட வேண்டும். காற்றே ஓடாத மார்பில் சத்தமும் இருக்காது. அவரது இமைகள் சரிந்துகொண்டிருந்தன, தலை தோள்பக்கம் தொங்கியது, பெயர் சொல்லி அழைத்தால் சற்றுத் தாமதித்தே விழித்தார். மூச்சு இறங்கியது நோய் தணிந்ததால் அல்ல, தசைகள் சோர்ந்ததால். மீண்டும் எடுத்த பரிசோதனைத் தாளில் கார்பன் டை ஆக்சைடு 43 என்று வந்தது. இயல்பு வரம்புக்குள் இருந்ததால் இயந்திரம் அதன் பக்கத்தில் எந்த எச்சரிக்கைக் குறியும் போடவில்லை. ஆனால் 40 நிமிடத்தில் 31-இலிருந்து 43-க்கு ஏறியது என்பது, அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்பதற்கான எண். கடும் ஆஸ்துமாவில் "நார்மல்" கார்பன் டை ஆக்சைடு உயிருக்கு ஆபத்தான அடையாளம். அதற்கும் மேலே போனால் மூச்சு நிற்கும் தறுவாய். விரலில் மாட்டிய கருவி இதைக் காட்டாது, ஏனெனில் வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை அந்த எண் நன்றாகவே தெரியும்.

தீவிர சிகிச்சைப் பிரிவினரையும் மயக்கவியல் மருத்துவரையும் உடனே அழைத்தோம். மெக்னீசியம் சல்ஃபேட் 2 கிராம், 20 நிமிடத்தில் சிரைவழி இறங்கத் தொடங்கியது. வேகமாக விட்டால் இரத்த அழுத்தம் சரியும் என்பதால் அதை அடிக்கடி அளந்துகொண்டிருந்தோம். சால்புடமாலை இடைவெளியின்றித் தொடர்ந்தோம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா என்று படுக்கையருகிலேயே ஸ்கேன் வைத்துப் பார்த்தோம், இல்லை. முன்பு ஒரு நோயாளி இதே நிலையில் "பதற்றமாக இருக்கிறார்" என்று வேறோர் இடத்தில் தூக்க ஊசி போடப்பட்டு, வழியிலேயே மூச்சு நின்று எங்களிடம் வந்தார். அந்தப் பதற்றம் ஆக்சிஜன் பற்றாக்குறையின் குரலாகவும் இருக்கலாம். மூச்சுக்குழாயில் டியூப் போடத் தயாராக இல்லாதவர் அந்த ஊசியைத் தொடக்கூடாது.

டியூப் போடுவதற்கான எல்லாவற்றையும் எடுத்து வைத்தோம். மயக்கத்துக்குக் கெட்டமின், கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி.; அது மூச்சுக்குழாயையும் ஓரளவு விரிக்கும். டியூப் போட்டபின்தான் உண்மையான சிக்கல் என்பதை இளம் மருத்துவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். காற்று உள்ளே எளிதில் போய்விடும், வெளியே வர நேரம் பிடிக்கும். அவசரத்தில் பையை வேகமாக அழுத்தினால் முந்தைய மூச்சு வெளியேறும் முன் அடுத்தது ஏறி, மார்பு காற்றால் உப்பி, இதயத்துக்கு இரத்தம் திரும்புவதே தடைபடும். ஆகவே நிமிடத்துக்கு 6 முதல் 10 மூச்சு மட்டும், வெளிமூச்சுக்கு நீண்ட நேரம். இரத்த அழுத்தம் திடீரென விழுந்தால் முதலில் வென்டிலேட்டர் குழாயைக் கழற்றி மார்பின் காற்றை வெளியேற விட வேண்டும். அதற்கும் மீளாவிட்டால் காற்றுக் கசிவைத் தேட வேண்டும்.

இவருக்கு அது தேவைப்படவில்லை. மெக்னீசியம் முடிந்து சில நிமிடங்களில் பயிற்சி மருத்துவர் மறுபடியும் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், வீசிங் திரும்ப வந்துடுச்சு" என்றார், இம்முறை கவலையோடு. மார்பின் இருபுறமும் பலத்த இழுப்புச் சத்தம். அடைத்திருந்த குழாய்கள் திறந்து காற்று ஓடத் தொடங்கியதன் ஓசை அது. கார்பன் டை ஆக்சைடு 38-க்கு இறங்கியது. இமைகள் நிமிர்ந்தன. அரை மணி நேரம் கழித்து, "கொஞ்சம் தண்ணி குடிக்கலாமா டாக்டர்?" என்று ஒரே மூச்சில் கேட்டார்.

ஆனாலும் வார்டுக்கு அனுப்பாமல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே அனுப்பினோம். மெக்னீசியத்தின் பலன் தேயும் நேரத்துக்குள் ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்க வேண்டும்; அந்த இடைவெளியில் அவர் மறுபடியும் அமைதியானால், அதை உடனே கவனிக்க ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.