விற்ற பொருள் வீடு தேடி வருமா? ‘ஃபேக்டரிங்’குக்கு ஒரு தமிழ்ச் சொல்

கப்பலூரில் சிறுதொழில் நடத்துகிறவர்களுக்காகப் போட்ட ஒரு விளக்கக் கூட்டத்துக்கு அண்மையில் போயிருந்தேன். வாசலில் கொடுத்த தாளில் ‘பரிகாரத்துடன் கூடிய கடன் காரணியாக்கம்’ என்று தலைப்பு. ‘ஃபேக்டரிங் வித் ரிகோர்ஸ்’ என்பதைத்தான் அப்படிப் பெயர்த்திருந்தார்கள். வரவேண்டிய பாக்கியை ஒரு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்து முன்பணம் வாங்கிக்கொள்வதுதான் ஃபேக்டரிங். என் பக்கத்தில் இருந்தவர் ரப்பர் புஷ் செய்கிறவர், அவருக்குக் கணக்கு எழுதுவது நான்தான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பரிகாரம்னா திருநள்ளாறு போகணுமாண்ணே?” என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் மேடையில் பேசியவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “எளிமையாச் சொன்னா இது கடன் விற்பனைங்க, பில்லை வித்துட்டு நீங்க நிம்மதியா இருக்கலாம்.” எல்லாரும் தலையாட்டினார்கள்.

‘காரணியாக்கம்’ வெறும் அபத்தம், யாரையும் ஏமாற்றாது. ‘கடன் விற்பனை’ நன்றாகப் புரிகிற சொல். தப்பாகப் புரிகிற சொல் என்பதுதான் சங்கடம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஃபேக்டர்’ என்றால் லத்தீனில் செய்பவர். பிறர் சரக்கை அவருக்காக விற்று, பணத்தை வசூலித்துக் கொடுக்கும் முகவருக்கு ஐரோப்பிய வணிகத்தில் அந்தப் பெயர் நின்றது. கிழக்கிந்தியக் கம்பெனியில் அது ஒரு பதவியின் பெயரும்கூட. சூரத்திலும் மசூலிப்பட்டினத்திலும் அவர்கள் ‘ஃபேக்டரி’ வைத்திருந்தார்கள் என்று படிக்கும்போது புகைபோக்கியைத் தேடக்கூடாது, அது முகவர்கள் தங்கிச் சரக்கு வைத்த பண்டகசாலை. அந்த முகவர் நாளடைவில் சரக்கைக் கைவிட்டு, பாக்கியை வசூலிப்பதையும் அதன் மேல் முன்பணம் கொடுப்பதையும் மட்டும் தொழிலாக்கிக்கொண்டார். கணக்குப் பாடத்தில் 12-க்கு 3 காரணி என்கிறோமே, அதுவும் அதே வேர்தான். வேர் ஒன்று என்பதற்காக வசூல்காரரைக் காரணி என்றால் எப்படி? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டியதால் வந்த வினை இது.

‘ரிகோர்ஸ்’ என்பதன் லத்தீன் மூலத்துக்குத் திரும்பி ஓடுதல் என்று பொருள். பணம் தரவேண்டியவர் தராவிட்டால், முன்பணம் கொடுத்தவர் பில் எழுதியவரிடமே திரும்பி ஓடி வருவார். தொழிலின் உயிர்முடிச்சு அந்த ஓட்டத்தில் இருக்கிறது. பரிகாரம், நிவாரணம் என்றெல்லாம் எழுதினால் அது கண்ணுக்கே தெரிவதில்லை.

இனி அந்த ‘விற்பனை’க்கு வருகிறேன். நம்மூரில் விற்பது என்றால் என்ன? விளக்குத்தூண் கடையில் ஒரு சுங்குடிச் சேலையை விற்றால் அதோடு சரி. வாங்கியவர் அதை உடுத்தினாரா, கிழித்தாரா என்பது கடைக்காரர் பாடு அல்ல. அந்த அர்த்தத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை, புஷ் செய்கிறவரின் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

வெளியூர் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றுக்கு அவர் சரக்கு அனுப்புகிறார். பில் 10 லட்சம் ரூபாய், தவணை 90 நாள். ஆள் கூலிக்கும் ரப்பருக்கும் 90 நாள் காத்திருக்க முடியாது. பாக்கியை ஒரு ஃபேக்டரிங் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தார். வாங்கிய கம்பெனிக்கு நோட்டீஸ் போயிற்று, இனிப் பணத்தை அந்த நிறுவனத்தின் கணக்கில்தான் செலுத்த வேண்டும் என்று. பில்லில் 80 விழுக்காடு, அதாவது 8 லட்சம் முன்பணம். மீதி 2 லட்சம் நிறுவனத்திடமே நிற்கும். பில் தொகையில் 1 விழுக்காடு கட்டணம், 10,000 ரூபாய். முன்பணத்துக்கு ஆண்டுக்கு 14 விழுக்காடு வட்டி, 90 நாளுக்கு 27,616 ரூபாய். கட்டணம், வட்டி இரண்டையும் முதலிலேயே கழித்துக்கொண்டார்கள். கைக்கு வந்தது 7,62,384 ரூபாய். (கட்டணத்துக்கு உண்டான ஜிஎஸ்டியை அவர் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ள முடியும் என்பதால் அதை விட்டுவிட்டேன்.)

“14 பர்சென்ட்தானே, பேங்க் வட்டியை விடக் கொஞ்சம் கூட, பரவாயில்லை” என்றார். அது 14 அல்ல. 7,62,384 ரூபாயை 90 நாள் வைத்துக்கொள்ள அவர் விட்டது 37,616 ரூபாய். ஆண்டுக் கணக்கில் 20 விழுக்காடு வருகிறது. முன்வட்டி பிடித்துக்கொண்டு 100-க்கு 90 கொடுக்கிற ஆளைப் பார்த்திருக்கும் மதுரைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். தாளில் ‘காரணியாக்கக் கட்டணம்’ என்று வேறு வரியில் எழுதிவிட்டதால் அது வட்டியோடு சேராத ஏதோ ஒன்று போலத் தெரிந்துவிட்டது.

இந்தக் கட்டணத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அது நாளைப் பார்ப்பதில்லை. இதே பில் 30 நாளில் தீர்வதாக இருந்தால் வட்டி 9,205 ரூபாய்தான், கட்டணமோ அதே 10,000. கைக்கு 7,80,795 வரும், செலவு 19,205. ஆண்டுக் கணக்கில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு! சீக்கிரம் பணம் தரும் நல்ல வாடிக்கையாளரின் பில்லைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அதிகச் செலவு. கட்டணத்துக்கு ஈடாக வசூல் வேலையையும் பேரேட்டையும் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது உண்மை. அதனால் ஓர் ஆள் சம்பளம் மிச்சமானால் அதைச் செலவில் கழித்துக்கொள்ளலாம். இவருக்கு மிச்சமாகவில்லை, என் சம்பளம் அப்படியேதான் இருக்கிறது.

நிறுத்தி வைத்த அந்த 2 லட்சத்துக்குத் தாளில் ‘இருப்பு’ என்று போட்டிருந்தார்கள். யாருடைய இருப்பு? கல்லாவில் இருப்பதும் இருப்பு, கிடங்கில் கிடப்பதும் இருப்பு. சிலர் ‘பிடித்தம்’ என்கிறார்கள், அதுவும் சரிவராது. சம்பளத்தில் பிடித்தம் என்றால் அந்த மாதத்துக்கு அது போயிற்று என்றே கணக்கு. இது போன பணம் அல்ல, வாங்கியவர் முழுசாகக் கட்டியதும் வரவேண்டிய பணம். ‘நிறுத்திவைப்பு’ என்பது பொருத்தம். சரக்கில் குறை இருந்து வாங்கியவர் குறைத்துக் கொடுத்தால், இடி முதலில் இதன் மேல்தான் விழும். அப்படித்தான் ஆயிற்று. அளவு தப்பிய ஒரு பெட்டி புஷ்ஷுக்காக அந்தக் கம்பெனி 60,000 ரூபாய்க்கு டெபிட் நோட் போட்டது. நிறுத்திவைப்பில் திரும்பி வந்தது 1,40,000.

அடுத்த பில்லுக்கு வந்தது பெரிய அடி. அதுவும் 10 லட்சம், அதே நிபந்தனை. 90 நாள் போய், ஒப்பந்தத்தில் இருந்த 60 நாள் சலுகையும் போயிற்று, வாங்கிய கம்பெனி பணம் கட்டவில்லை. நிறுவனம் இவரிடம் வந்தது. வந்தது என்றால் ஆள் வரவில்லை. மூன்றாவது பில்லுக்கு முன்பணத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவருக்கு வங்கியில் ஒன்றுமே ஏறவில்லை. பழைய முன்பணத்தைப் புதிய முன்பணத்தில் நேர் செய்துவிட்டார்கள், புதிய பில்லின் கட்டணமும் வட்டியும், பழைய பில்லின் தாமத நாளுக்கான வட்டியும் பாக்கியாக நின்றன. இரண்டாவது பில் இவர் கைக்கே திரும்பி வந்துவிட்டது, நீயே வசூலித்துக்கொள் என்று.

“அண்ணே, அதான் வித்தாச்சே? அவன் கட்டலைன்னா நான் எதுக்குத் தரணும்?”

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் ‘கடன் விற்பனை’ என்று சொல்லிக்கொடுத்தவரிடம் போய்க் கேட்கச் சொல்லலாமா என்றும் தோன்றியது. அந்த வார்த்தையை நம்பி, நான் வருவதற்கு முன்பு, அவருடைய பழைய கணக்கர் பேரேட்டிலும் தவறு செய்திருந்தார். விற்றதுதானே என்று 10 லட்சத்தை வரவேண்டியவர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். வாங்கியவர் கட்டாமல் போகும் ஆபத்து இவர் தலையிலேயே இருக்கும்வரை பாக்கி ஏட்டில் நிற்க வேண்டும், வாங்கிய 8 லட்சம் கடன் என்று காட்ட வேண்டும். காட்டாததால் ஏட்டில் கடனே இல்லாத தொழில் போலத் தெரிந்தது. எந்த ஏட்டிலும் இதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும். வாங்கியவர் கட்டாவிட்டால் யார் பணம் போகும்?

சரி, என்ன சொல்வது? ‘பாக்கி அடகு’ என்று ஒருவர் சொன்னார். பணத்தின் போக்கைப் பார்த்தால் அது உண்மைக்கு வெகு அருகில் இருக்கிறது. ஆனால் 2011-இன் ஃபேக்டரிங் முறைப்படுத்தும் சட்டம் இதை உரிமை மாற்றமாகத்தான் பார்க்கிறது. அடகில் நகை நம்முடையது, இதில் பாக்கியை வசூலிக்கும் உரிமை அவர்களுக்குப் போய்விடுகிறது. ஆகவே ‘பாக்கி ஒப்படைப்பு’ என்கிறேன். தொலைநிலைக் கல்வியில் வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் தாளுக்கும் ஒப்படைப்பு என்றே பெயர் என்பது தெரியும், முன்னால் பாக்கி நிற்பதால் குழப்பம் வராது. ‘பாக்கி’ தமிழா என்று கேட்பவர்கள் ‘நிலுவை ஒப்படைப்பு’ என்று எழுதிக்கொள்ளட்டும், சண்டையில்லை. டவுன்ஹால் ரோட்டில் நிலுவை கேட்டு யாரும் கடைக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

‘ரிகோர்ஸ்’ஸுக்கு ‘மீள்பொறுப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். முதலில் எனக்கும் பிடித்தது. ஆனால் தமிழில் கடனிலிருந்து மீள்வது என்றால் விடுபடுவது. பொறுப்பு மீண்டது என்று படித்தவர் தப்பித்தோம் என்று நினைத்தால், சொல் நேர் எதிராக வேலை செய்துவிடும். ‘பொறுப்பு திரும்பும் பாக்கி ஒப்படைப்பு’, ‘பொறுப்பு திரும்பாத பாக்கி ஒப்படைப்பு’. நீளம்தான். நாலு சொல்லில் உண்மையைச் சொல்வதைவிட இரண்டு சொல்லில் பொய் சொல்வது எந்த வகையில் எளிமை? சிறுதொழில்களின் பில்லுக்கு இணையம் வழியே முன்பணம் பெற்றுத்தரும், ரிசர்வ் வங்கி அனுமதித்த ட்ரெட்ஸ் தளங்களில் பில் கொடுப்பவர் மேல் பொறுப்பு திரும்புவதில்லை. அங்கே யாராவது விற்பனை என்று சொன்னால் நான் வாய் திறக்க மாட்டேன்.

எனக்கு வருத்தம் மொழிபெயர்ப்பவர்கள் மேல்தான். தூய தமிழ்க்காரர் அகராதியோடு நிற்கிறார், எளிய தமிழ்க்காரர் கைதட்டலோடு நிற்கிறார், ஒப்பந்தத்தின் எட்டாம் பக்கத்தை இரண்டு பேரும் புரட்டுவதில்லை.

போன வாரம் புஷ் செய்கிறவர் புதிதாக ஓர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தார், வேறு நிறுவனம். கட்டணம் முக்கால் விழுக்காடு, நிறுத்திவைப்பு 15. உட்காரும் முன்பே கேட்டார்: “அண்ணே, இதுல திரும்பி வருவாய்ங்களா, வர மாட்டாய்ங்களா?”