பாட்டிக்கு எந்தக் கவலை?

'பதற்றக் கோளாறு இருக்கலாம்' என்ற குறிப்போடு ஒரு பாட்டியை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். எழுபது தாண்டியவர். சிங்கப்பூரில், ஈசூனில் மகள் வீட்டில் இருக்கிறார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் பார்த்த இடத்தில் பேரன்தான் மொழிபெயர்த்திருக்கிறான். பாட்டி "ரொம்பக் கவலையா இருக்கு" என்றிருக்கிறார். அவன் பள்ளியில் படித்த தமிழில் கவலை என்றால் 'வொரி'. அப்படியே சொல்லிவிட்டான். உடனே பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 படிவத்தை எடுத்திருக்கிறார்கள். அதன் ஏழு கேள்விகளில் இரண்டு நேரடியாக 'வொரி' பற்றியவை. பேரன் அதை மறுபடி கவலை என்று திருப்பிக் கேட்க, பாட்டி இரண்டுக்கும் "தினமும்தான்" என்றாராம். மதிப்பெண் ஏறிவிட்டது.

நான் கேட்டது ஒன்றுதான். "எதை நினைச்சா கவலை வருதும்மா?"

"அவரு போயி நாலு மாசமாச்சே. காலையில இன்னும் ரெண்டு டம்ளர்தான் எடுத்து வைக்கிறேன்."

இது பதற்றம் இல்லை, துக்கம். தமிழில் கவலை இரண்டையும் தாங்கும் சொல். நமக்கு மட்டும் அப்படி இல்லை. ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியில் பேசப்படும் தார்குவா மொழியிலும் துக்கம், பதற்றம் இரண்டுக்கும் ஒரே சொல் உண்டு. 2,474 மொழிகளை ஒப்பிட்டு 2019-இல் வந்த ஆய்வு இதை எடுத்துக்காட்டியது. எந்த உணர்வுகள் ஒரு சொல்லுக்குள் சேரும் என்பது மொழிக்குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறது என்றும், ஆனால் இனியது, இனியதல்ல என்ற பிரிவு எங்கும் தெரிகிறது என்றும் அது சொன்னது.

சரி, சொல் ஒன்றென்றால் உணர்வும் ஒன்றா? மெக்சிகோவின் யுகாத்தேக் மாயா மொழியில் கோபத்துக்கும் அருவருப்புக்கும் தனித்தனிச் சொல் கிடையாது. ஆனால் 2011-இல் வந்த ஓர் ஆய்வில், அம்மொழியினர் அந்த இரண்டு உணர்வுகளைக் காட்டும் முகங்களையும் ஜெர்மன் பேசுகிறவர்களைப் போலவே பிரித்தறிந்தார்கள். முகத்தைப் பிரித்துப் பார்ப்பது மட்டும்தான் அது. உள்ளே எப்படி இருக்கிறது என்பதை அதைக் கொண்டு முழுதாகச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் சொல் இல்லாததால் வேறுபாடும் தெரியாது என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

தமிழ் பேசுகிறவர்களிடம் எனக்கு இன்னொரு தடயமும் கிடைக்கிறது. கவலை என்ற பெயர்ச்சொல் கலந்தே இருக்கும். வாக்கியத்தின் வால் பிரித்துக் காட்டிவிடும். நடந்ததை எண்ணி நோகிறவர் 'ஏ' போடுகிறார்: "போயிட்டாரே", "இப்படி ஆயிடுச்சே". வரப்போவதை நினைத்துப் பதறுகிறவர் 'ஓ' போடுகிறார்: "என்ன ஆகுமோ". விதி என்று சொல்லமாட்டேன், பழக்கத்தில் கண்டது. அதனால் இப்போதெல்லாம் உணர்வுக்குப் பெயர் கேட்பதில்லை. மனத்தில் ஓடுவதை முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்கிறேன். பேரப்பிள்ளைகளிடமும், வார்த்தையைத் தேடாமல் பாட்டி சொன்ன வாக்கியத்தையே மருத்துவரிடம் சொல்லுங்கள் என்கிறேன்.

மூன்றாவது சந்திப்பில் பாட்டி மறுபடி கவலை என்றார். டம்ளர் கதைதான் வரும் என்று நினைத்தேன்.

"பேரன் அடுத்த மாசம் தேசிய சேவைக்குப் போறான். நேரத்துக்குச் சாப்பிடுவானோ என்னமோ."