பாம்புப் புத்துக்குக் கீழ தண்ணி இருக்குமா?

எங்க பாட்டி கிணத்துமேட்டுப் புத்துக்கு ஆடி வெள்ளி தவறாம பால் ஊத்துவாங்க, ஆனா பேரப்புள்ளைங்க நாங்க கிட்ட போனா போதும், அலறிடுவாங்க. கும்பிடுற சாமிகிட்ட ஏன் இவ்ளோ பயம்னு அப்ப புரியல. அந்தப் புத்து எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தா புரிஞ்சுடும்.

புத்தைக் கட்டுறது பாம்பு இல்லங்க, கரையான். அதோட தோல் ரொம்ப மெலிசு, காஞ்ச காத்து பட்டா வத்திச் செத்துடும், அதனால உள்ள எப்பவும் ஈரம் வேணும். கீழ ஈரமா இருக்கிற மண்ணை உருண்டை உருண்டையா வாயில கவ்விட்டு வந்து எச்சி சேத்துப் பூசும். சித்திரை மாசம் விடிகாலையில பாருங்க, சுத்தி தரையே வெடிச்சுக் கிடக்கும், புத்துல ராத்திரி பூசின இடம் மட்டும் கருப்பா ஈரமா தெரியும்.

இதை நம்மாளுங்க ரொம்ப காலமாவே கவனிச்சிருக்காங்க. 6ஆம் நூற்றாண்டுல வராகமிகிரர் எழுதின பிருகத் சம்ஹிதையில நிலத்தடி நீர் தேடுறதுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு, அதுல நாவல் மரத்துக்குக் கிழக்கால பக்கத்துலயே புத்து இருந்தா மரத்துக்குத் தெக்க மூணு முழம் தள்ளித் தோண்டு, ரெண்டு ஆள் ஆழத்துல நல்ல தண்ணின்னு சொல்றார். புத்தை மட்டும் வச்சு சொல்லல, மரத்தையும் சேத்துதான் பாக்கிறார், அது முக்கியம், ஏன்னா வெறும் மேல்மண் ஈரத்தை வச்சே பிழைக்கிற கரையானும் உண்டு. 800 அடி போர் போடுற பாறை நிலத்துல இந்தக் கணக்கு உதவாது.

இப்ப பாம்புக்கு வருவோம். நல்லபாம்புக்கு வளை தோண்டத் தெரியாது, எலி வளை இல்லேன்னா கரையான் விட்டுட்டுப் போன புத்துதான் வீடு. அதோட முட்டைக்கு கோழிமுட்டை மாதிரி கெட்டி ஓடு கிடையாது, காஞ்சா சுருங்கிடும், புத்தோட வெதுவெதுப்பும் ஈரமும் அதுக்கு அப்படியே பொருந்துது. தாய்ப்பாம்பு பக்கத்துலயே காவல் இருக்கும். அப்ப யோசிங்க, மனுசன் தண்ணி தேடி வர்ற அதே இடத்துல படமெடுத்து ஒண்ணு நிக்குது, அதைத் தண்ணிக்குக் காவல்காரன்னு நினைக்காம வேற எப்படி நினைப்பான்? ரிக் வேதத்துல விருத்திரன்ற பாம்பு தண்ணியையே அடைச்சு வச்சிருக்கு, இந்திரன் அதைக் கொன்னாதான் ஆறு ஓடுது. நம்ம ஊர்ல கொல்லாம கும்பிட்டோம், புத்து மாரியம்மன்னு பேர் வச்சோம், மாரின்னாலே மழைதானே.

பயமும் சும்மா வந்தது இல்ல. மழை பெஞ்சா வளைக்குள்ள தண்ணி புகுந்து பாம்பு வெளிய வரும், அதே நேரம் வெறுங்காலோட சனங்க வயல்ல இறங்குவாங்க. இந்தியாவுல வருசத்துக்கு சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில சாகுறாங்க, அதுல பாதி ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள. ஆடி வர்றதும் நாகபஞ்சமி வர்றதும் இந்த மாசங்கள்லதான்.

பாம்பு பால் குடிக்காதுன்னு பாட்டிகிட்ட ஒருதடவ சொன்னேன். அது தெரியும்டா, நான் வந்துட்டுப் போனேன்னு அதுக்குத் தெரியணும்ல, அப்படின்னாங்க. சொல்லிட்டு புத்துக்கு முதுகு காட்டாம பின்னாலயே நாலு எட்டு நடந்து வந்தாங்க.