சராசரி 4.5, ஆனால் 107-ஆம் அறையில் வெந்நீர் இல்லை

கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கம் லாட்ஜ் நடத்தும் ஒருவர் போன வாரம் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். விருந்தினர் கருத்துப் படிவங்களின் கணக்கு, ஐந்துக்கு 4.5. "இவ்வளவு நல்லா மார்க் வருது சார், கூகுள்ல மட்டும் ஏன் திட்டுறாங்க? பக்கத்து லாட்ஜ்காரன் வேலையாத்தான் இருக்கும்" என்றார். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் லாட்ஜ்களுக்கும் சிறிய ஹோட்டல்களுக்கும் நிர்வாக ஆலோசனை சொல்வது என் தொழில். இதே பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சராசரி மோகத்தை விடுங்கள். நூறு படிவங்களில் 50 பேர் ஐந்து மார்க், 50 பேர் நான்கு மார்க் போட்டால் சராசரி 4.5. இன்னொரு லாட்ஜில் 80 பேர் ஐந்து, 10 பேர் நான்கு, மீதி 10 பேர் ஒன்று போடுகிறார்கள். அங்கும் அதே 4.5-தான் வரும். முதல் லாட்ஜில் பெரிய குறை எதுவும் இல்லை. இரண்டாவதில் பத்தில் ஒருவர் கடுப்பாகிப் போகிறார், இனி அந்தப் பக்கமே வரமாட்டார். இரண்டையும் ஒரே எண்ணாக்கிச் சுவரில் மாட்டினால் உங்களுக்கு என்ன தெரியும்? எத்தனை பேர் ஒன்றும் இரண்டும் போட்டார்கள் என்று தனியாக எண்ணுங்கள். அவர்கள் எந்த அறையில் தங்கினார்கள், எத்தனை மணிக்குக் காலி செய்தார்கள் என்று பாருங்கள். நான் எந்த லாட்ஜுக்குப் போனாலும் அந்தப் படிவங்களைத்தான் முதலில் கேட்பேன்.

அந்த 4.5 கூட உண்மையான எண்ணா என்பது அடுத்த கேள்வி. அந்த லாட்ஜில் ரிசப்ஷன் பையன்தான் படிவம் கொடுக்கிறான். மார்க் குறைந்தால் முதலாளி கத்துவார் என்று அவனுக்குத் தெரியும். அதனால் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுப்பவருக்குப் படிவம் நீட்டுகிறான், முகத்தைத் தூக்கி வைத்திருப்பவருக்குப் பில்லோடு சரி. அந்த மாதம் எத்தனை அறைகள் காலியாயின, எத்தனை படிவங்கள் வந்தன என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னேன். கால் பங்கு படிவம் கூட வரவில்லை. படிவம் வாங்கியவரும் பையன் எதிரில் நிற்க, ஆட்டோ வெளியில் காத்திருக்க, எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டுக் கிளம்புவார். வேறென்ன செய்வார்?

தயவுசெய்து கவுன்டரில் கேட்காதீர்கள். காலி செய்த இரண்டு மூன்று மணி நேரம் கழித்து எல்லோருக்கும், ஒருவர் விடாமல், வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நான்கு கேள்விகள் போதும். "அறையும் உணவும் எப்படி இருந்தன?" என்று இரண்டை ஒன்றாகக் கேட்காதீர்கள், எதற்கு மார்க் போட்டார் என்றே தெரியாது. கடைசியில் "எதைச் சரி செய்ய வேண்டும்?" என்று எழுத இடம் விடுங்கள். திருப்தியானவருக்கு மட்டும் கூகுள் லிங்க் அனுப்பும் தந்திரத்தையும் நிறுத்துங்கள். கூகுளின் விதியே அதை அனுமதிப்பதில்லை.

சரி, அந்த லாட்ஜில் என்னதான் பிரச்சினை? குறைந்த மார்க் படிவங்களைத் தனியே எடுத்துப் பார்த்தோம். "வெந்நீர் வரலை", "ஹாட் வாட்டர் சுத்தமா இல்லை" என்று திரும்பத் திரும்ப வந்தது. ரிசப்ஷனில் கேட்டால், "வரும் சார், அவங்க கொஞ்ச நேரம் திறந்து விடணும்" என்கிறார்கள். விருந்தினர் பொய் சொல்கிறார் என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார்கள்.

பெரும்பாலான புகார்கள் 106, 107, 207 ஆகிய கடைசி அறைகளிலிருந்து வந்திருந்தன. மேனேஜரை விட்டு அந்த விருந்தினர்களுக்குப் போன் செய்யச் சொன்னேன். அன்று டியூட்டியில் இருந்த பையன் பேசக்கூடாது, அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவான். "சிரமத்துக்கு மன்னிக்கணும் சார். எத்தனை மணிக்குக் குழாயைத் திறந்தீங்க? எவ்வளவு நேரம் ஓடவிட்டீங்க?" இவ்வளவுதான் கேள்வி. ஒருவர் முகூர்த்தத்துக்குப் போக நாலரை மணிக்குக் குளித்திருக்கிறார். ஒரு பக்கெட் நிரம்பும்வரை பார்த்துவிட்டுப் பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

மாடிக்கு ஏறினோம். 500 லிட்டர் சோலார் டேங்க், வெயில் இல்லாத நாளுக்கு உள்ளே 3 கிலோவாட் மின் ஹீட்டர். அதன் டைமர் அதிகாலை ஐந்தரைக்கு வைக்கப்பட்டிருந்தது. 500 லிட்டரை 20 டிகிரி சூடாக்க அந்த ஹீட்டருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் நாலரைக்கு எப்படி வெந்நீர் வரும்? போதாததற்கு, இங்கே போர் தண்ணீர் உப்பு. ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்புபோல் காரை ஏறியிருந்தது, அது சூட்டை இன்னும் மட்டுப்படுத்தும். அப்புறம் குழாய். டேங்கிலிருந்து கடைசி அறை வரை சுமார் 40 மீட்டர், உள்ளளவு 25 மில்லிமீட்டர். அந்தக் குழாய்க்குள் மட்டும் கிட்டத்தட்ட 20 லிட்டர் தண்ணீர் இரவெல்லாம் ஆறிக் கிடக்கிறது. அதாவது டேங்க் கொதித்தாலும் முதல் பக்கெட் முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான். விருந்தினர் சொன்னது அப்படியே உண்மை.

இத்தனை நாள் என்ன செய்தார்கள்? திட்டியவருக்கு 200 ரூபாய் குறைத்தார்கள். டைமரை யாரும் தொடவில்லை.

இப்போது டைமர் நள்ளிரவு 12 மணிக்கு. வெயிலடித்த நாளில் தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருந்தால் தெர்மோஸ்டாட்டே நிறுத்திவிடும், கரண்ட் வீணாகாது. காரையைச் சுரண்டியாயிற்று, சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கடைசி அறைகளுக்குத் தனித்தனி கீசர் வாங்குகிறார். அது வரும்வரை, காலை ஆறு மணிக்குள் கிளம்புகிறவருக்கு அந்த அறைகளைக் கொடுப்பதில்லை. பிரச்சினை சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளச் சராசரியைப் பார்க்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். மாதம் நாற்பது படிவம் வரும் இடத்தில் இரண்டு பேர் மாறினாலே சராசரி ஆடும். அதே அறைகள், அதே அதிகாலை நேரம், அங்கே வெந்நீர்ப் புகார் மறுபடி வருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

எல்லாப் புகாரும் இப்படித் திரும்ப வரும்வரை காத்திருக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். தாழ்ப்பாள் சரியில்லை, ராத்திரி யாரோ கதவைத் தட்டினார்கள், ஊழியர் தவறாகப் பேசினார், சாப்பிட்டதும் வயிற்றுக்கு ஆகவில்லை. இவற்றில் ஒன்று ஒரே ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே முதலாளி கைக்குப் போக வேண்டும். குறிப்பாக, தனியாக வந்து தங்கும் பெண்கள் எழுதியதை மேனேஜர் மேஜையில் தூங்கவிடாதீர்கள்.

புகார் எழுதியவருக்குப் போன் செய்து கூகுள் விமர்சனத்தை அழிக்கச் சொல்லிக் கெஞ்சுவதும் வேண்டாம். என்ன சரி செய்தோம் என்று இரண்டு வரி எழுதுங்கள்: "டைமரை மாற்றிவிட்டோம், கடைசி அறைகளுக்குக் கீசர் வருகிறது." அடுத்து அறை தேடுபவர் அதைப் படிப்பார்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். குறைந்த மார்க் வந்தது என்று ரூம் பையன் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். ஹீட்டர் டைமர் அவன் வைத்ததல்ல. ஒருமுறை பிடித்துவிட்டால் அடுத்த மாதம் "வெந்நீர் வரலை" என்ற படிவம் உங்கள் மேஜைக்கு வரவே வராது.