துளைகளிட்ட வடிகட்டி எவ்வளவு தூரம் பார்க்கும்?

ஒரு படத்தின் ஒவ்வொரு பிக்சலும் சாலையா, மரமா, மனிதரா என்று குறித்துக்காட்டும் வேலையை செமான்டிக் செக்மென்டேஷன் என்கிறோம். இதற்கு அடித்தளமாகப் பயன்படும் ரெஸ்நெட் போன்ற வலைப்பின்னல்கள் முதலில் படத்துக்கு ஒரே பெயர் சூட்டுவதற்காக உருவானவை. ஆகவே அவை படத்தை ஐந்து முறை பாதியாகச் சுருக்குகின்றன. 513 பிக்சல் அகலமுள்ள படம் இறுதியில் 17 கட்டங்களாகிவிடும். ஒரு கட்டம் ஏறக்குறைய 32 பிக்சல் அகலத்துக்குப் பொறுப்பேற்கும்போது, 8 பிக்சல் அகலமே உள்ள விளக்குக் கம்பம் அதில் தடமில்லாமல் கரைந்துபோகிறது.

சுருக்குவதை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். ஆனால் சுருக்கத்தால் கிடைத்த நன்மை ஒன்று உண்டு: கட்டங்களின் மதிப்புகளைப் பயிற்சியில் கற்ற எடைகளால் பெருக்கிக் கூட்டுவதுதான் வடிகட்டி; சுருங்கிய கட்டங்களின் மேல் ஓடினால் மூன்று எடைகள் கொண்ட சிறிய வடிகட்டிகூட மூலப்படத்தில் பரந்த இடத்தைப் பார்க்கிறது. இந்த நன்மையை இழக்காமல் சுருக்கத்தை மட்டும் நீக்கும் வழியைப் புரிந்துகொள்ள ஒற்றை வரிசை போதும். 0, 1, 2, 3, 4, 5 என்று கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துச் சுருக்கினால் 0, 2, 4 மிஞ்சும், அவற்றின் மேல் நம் வடிகட்டி அமரும். சுருக்காமல் விட்டால் அதே வடிகட்டி 1, 2, 3 ஆகிய அண்டைக் கட்டங்களைத்தான் பார்க்கும். அது கற்றுவைத்திருந்த எடைகள் பொருளற்றுப் போகும். எடைகளுக்கு நடுவே ஒரு கட்டம் இடைவெளி விட்டால் மீண்டும் 0, 2, 4 கிடைக்கிறது. கூடவே, சுருக்கியபோது கேட்கப்படாமலே போன 3ஆம் கட்டத்துக்கும் 1, 3, 5 ஆகியவற்றைப் பார்த்து ஒரு விடை கிடைத்துவிடுகிறது. இதுவே டைலேட்டட் கன்வல்யூஷன்; எடைகள் இரண்டு கட்டத் தொலைவில் அமர்வதால் இங்கே விரிவு 2. எடைகளின் எண்ணிக்கை கூடவில்லை, பழைய பயிற்சியும் வீணாகவில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தப் பொருத்தம்தான். ரெஸ்நெட்டின் கடைசி இரண்டு சுருக்கங்களை நீக்கி, அவற்றுக்கு ஈடாக விரிவு 2, விரிவு 4 என்று வைத்தால் 17 கட்டங்களுக்குப் பதில் 65 கட்டங்கள் கிடைக்கும். நினைவகமும் கணக்கீடும் அந்த அடுக்குகளில் பல மடங்கு பெருகுவதுதான் அதற்கு நாம் கொடுக்கும் விலை.

இடைவெளிகளுக்கும் ஒரு விலை உண்டு. விரிவு 2 உள்ள மூன்று அடுக்குகளை அடுத்தடுத்து வைத்தால் பார்வை 13 கட்ட அகலத்துக்கு விரியும். ஆனால் நடுக்கட்டத்திலிருந்து இரட்டைப்படைத் தொலைவில் இருப்பவை மட்டுமே அதில் கலக்கின்றன. 13க்கு 13 சதுரத்தில் உள்ள 169 கட்டங்களில் 49 மட்டுமே உண்மையில் பார்க்கப்படுகின்றன. பக்கத்துக் கட்டமோ முற்றிலும் வேறு கட்டங்களைப் பார்த்து விடை சொல்கிறது. இரண்டு விடைகளும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லாததால், சீராக இருக்க வேண்டிய சாலைப் பரப்பில் சதுரங்கப் பலகை போன்ற புள்ளிகள் தெரியத் தொடங்கும். அதைக் கண்டால் விரிவு எண்களைச் சந்தேகிக்கலாம். அதே மூன்று அடுக்குகளுக்கு 1, 2, 3 என்று விரிவு கொடுத்தால் அகலம் அதே 13தான்; ஆனால் 169 கட்டங்களில் ஒன்றுகூட விடுபடுவதில்லை.

இன்னும் தொலைவு பார்க்க விரிவைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. 2017இல் வெளியான டீப்லேப் என்ற செக்மென்டேஷன் வலைப்பின்னலின் மூன்றாம் பதிப்பு 6, 12, 18 என்ற விரிவுகளை ஒரே கட்ட வரைபடத்தின் மேல் பக்கம்பக்கமாக ஓட்டியது. படம் 16 மடங்கு சுருங்கியிருந்தால் 513 பிக்சலுக்கு 33 கட்டங்கள். 0 முதல் 32 வரை எண்ணினால் நடுக்கட்டம் 16. அங்கே விரிவு 18 உள்ள வடிகட்டியை வைத்தால் அதன் ஒரு முனை -2இலும் மறுமுனை 34இலும் விழும். இரண்டும் படத்துக்கு வெளியே, சுழியங்களால் நிரப்பப்பட்ட இடத்தில் இருக்கின்றன. படத்தின் இரு திசைகளிலும் பார்த்தால் வடிகட்டி 3க்கு 3; அதன் ஒன்பது எடைகளில் நடு எடை ஒன்றுதான் உருப்படியாக வேலை செய்கிறது. மிகத் தொலைவைப் பார்க்க வைத்த வடிகட்டி தன் காலடியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இந்தத் தேய்வைக் கண்டுகொண்டதால்தான் டீப்லேப்பின் ஆசிரியர்கள் படம் முழுவதன் சராசரியையும் ஒரு கிளையாகச் சேர்த்தார்கள்.

சராசரியையே மையமாக வைத்தது அதே ஆண்டில் வந்த பிஎஸ்பிநெட் என்ற இன்னொரு வலைப்பின்னல். ஆற்றோரப் படகு வீட்டுக்கு அருகே மிதக்கும் படகைப் பழைய முறை கார் என்று குறித்தது. படகின் தோற்றத்தை மட்டும் பார்த்தால் அது வியப்பல்ல, சுற்றிலும் தண்ணீர் என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். அதற்காக பிஎஸ்பிநெட் 60க்கு 60 கட்ட வரைபடத்தை நான்கு விதமாகப் பிரிக்கிறது: முழுவதும் ஒரே பகுதியாக, பிறகு 2க்கு 2, 3க்கு 3, 6க்கு 6 பகுதிகளாக. ஒவ்வொரு பகுதியின் சராசரியும் எடுக்கப்பட்டு, மீண்டும் 60க்கு 60 ஆக விரிக்கப்பட்டு, மூல வரைபடத்தோடு அடுக்கப்படுகிறது. மூல வரைபடம் கைபடாமல் அப்படியே உடன் வருவதால் படகின் இடம் தொலைவதில்லை. முழுப்படத்தின் சராசரி ஆற்றைச் சொல்கிறது, 6க்கு 6 பிரிவு அருகில் இருப்பதைச் சொல்கிறது.

சராசரியில் துளைகள் இல்லை, சதுரங்கப் புள்ளிகளும் வருவதில்லை. ஆனால் அது பகுதிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லுமே தவிர எங்கே என்று சொல்லாது. அந்தப் பகுதியின் அளவும் படத்தின் அளவைச் சார்ந்தது: 473 பிக்சல் துண்டுகளில் பயிற்சி பெற்ற வலைப்பின்னலுக்கு அதைவிடப் பல மடங்கு பெரிய படத்தை அப்படியே கொடுத்தால், அதே 6க்கு 6 பிரிவில் ஒவ்வொரு பகுதியும் அது பழகியதைவிட மிகப் பெரிய நிலப்பரப்பின் சராசரியாகிவிடும். அதனால் பெரிய படங்களைப் பயிற்சித் துண்டின் அளவிலேயே வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி ஓட்டி, விடைகளைச் சராசரியாக்கிக் கொள்வது வழக்கம்.