இரண்டு கோபுரம், ஒரு புகை: பேரிங் எடுக்கும் முன் செய்ய வேண்டியது

மறையூர், சின்னாறு பக்கம் மழை மறைவுக் காடு. மாசி, பங்குனியில் புல் காய்ந்துவிட்டால் எங்கே புகை எழுந்தாலும் அந்த இடத்தை உடனே வரைபடத்தில் குறிக்க வேண்டும். இடம் தெரிந்த இரண்டு கோபுரங்களிலிருந்து காம்பஸில் பேரிங், அதாவது வடக்கிலிருந்து வலப்புறமாக எத்தனை டிகிரி என்ற அளவு, எடுத்துக் கோடு போட்டால், இரண்டும் வெட்டும் இடத்தில் தீ இருக்கும். நில அளவை வேலையில் இருப்பவன் என்ற முறையில் தீக்காவலர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: புகையைப் பார்க்கும் முன் எதிர்க் கோபுரத்தைப் பாருங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். முதல் கோபுரத்துக்கு நேர் கிழக்கே 2000 மீட்டரில் இரண்டாவது கோபுரம். வரைபடப்படி அங்கே பேரிங் 90. காம்பஸ் 92 காட்டுகிறது. நம் பகுதியில் காந்த வடக்கு கொஞ்சம் மேற்கே விலகியிருப்பதால் இது வழக்கம்தான். புகைக்கு 42 வந்தால் இரண்டைக் கழித்து 40 என்று கோடு போடலாம்.

இரண்டாவது கோபுரம் இரும்பு. அங்கிருந்து முதல் கோபுரத்துக்கு 270 வர வேண்டும், 277 வருகிறது. அப்படியானால் அங்கே கழிக்க வேண்டியது ஏழு. புகைக்கு 327 என்றால் 320. இப்போது இரண்டு கோடும் முதல் கோபுரத்திலிருந்து சுமார் 1556 மீட்டரில் வெட்டும். எதிர்க் கோபுரத்தைப் பார்க்காமல் வழக்கம்போல இரண்டை மட்டும் கழித்திருந்தால்? புள்ளி 140 மீட்டர் தள்ளி விழும். மலையில் அது பக்கத்து ஓடைப் பள்ளமாகவே இருக்கலாம். ஆட்கள் இறங்கி ஏறுவதற்குள் தீ மேலே போய்விடும்.

இந்தத் திருத்தம் நின்ற இடத்துக்கு மட்டும்தான். கோபுரத்தில் இரண்டடி தள்ளி நின்றாலும் முள் வேறு மாதிரி இழுக்கும். அப்புறம் இடுப்பில் இருக்கும் வெட்டுக்கத்தி. கோபுரத்து இரும்பு அசையாது, அதனால் அந்த இடத்தில் எல்லாத் திசைக்கும் பிழை ஒன்றுதான். கத்தியோ நீங்கள் திரும்பும்போது கூடவே திரும்புகிறது. எதிர்க் கோபுரத்துக்கு ஒரு பிழை, புகைக்கு வேறு பிழை. கத்தி, டார்ச், போன் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள்.

புகையின் நுனியைக் குறி பார்க்கவே கூடாது, காற்று அதை எங்கோ கொண்டுபோயிருக்கும். புகையின் அடிப்பாகம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே வயர்லெஸில் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தும் கையில் பிடிக்கும் காம்பஸில் ஒரு டிகிரி தவறத்தான் செய்யும். ஒன்றரைக் கிலோமீட்டரில் அது 26 மீட்டர். கோடுகள் 80 டிகிரியில் வெட்டினால் பிழை ஏறக்குறைய அந்த அளவிலேயே நிற்கும். 20 டிகிரியில் சாய்ந்து வெட்டினால் கோட்டின் வழியே 80 மீட்டர் வரை நீளும். வெட்டும் கோணம் 30க்குக் கீழோ 150க்கு மேலோ போனால் அந்தப் புள்ளியை நம்பி ஆள் அனுப்பாமல், பக்கவாட்டில் இடம் தெரிந்த வேறொரு மேட்டிலிருந்து மூன்றாவது பேரிங் கேளுங்கள்.